நாற்பத்தேழுக்கு மிக அருகில்

வேலை போனபின் நான் போகாத நேர்காணல் இல்லை. எல்லாம் வீட்டிலிருந்தே, கணினித் திரைக்கு முன்னால். மேலே இஸ்திரி போட்ட சுடிதார், கீழே பழைய பாவாடை. என்னைக் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் பால் பாட்டிலைக் கடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். "நாங்கள் உங்களைத் தொடர்புகொள்வோம்" என்று சொல்வார்கள். சொன்னதோடு சரி.

இந்த ஒன்று மட்டும் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டது. கடைசிச் சுற்று நேரில்தான் என்றார்கள். வீட்டிலிருந்து பேசினால் திரைக்குப் பின்னால் யாராவதோ ஏதாவது இயந்திரமோ விடை சொல்லிக்கொடுக்கிறதாம். அதனால் இப்போது மறுபடியும் பழைய காலம் போல வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனா. பூனாவின் ஒரு கோடியில், பாணேரில் அலுவலகம். நாங்கள் இருப்பது மறுகோடியில், கோந்த்வாவில்.

அந்த வாரம்தான் என் கணவரின் தொழிற்சாலையில் அவரை ஓசூருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். விருப்பமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். என் நேர்காணலும் வெள்ளிக்கிழமை காலை. எனக்கு வேலை கிடைத்தால் பூனாவிலேயே இருப்பது, கிடைக்காவிட்டால் மூட்டை கட்டுவது என்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் முடிவு செய்தோம். ஓசூர் ஒன்றும் மோசமான ஊர் இல்லை. ஆனால் அங்கே போனால் நான் "வீட்ல சும்மா இருக்கறவ". நாத்தனார் வாரம் தவறாமல் போன் செய்து, "இன்னும் ஊட்லதானுங்களா அண்ணி?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஆயுசுக்கும் "ஆமா" சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இதுவும் போனால் இனி எங்கும் விண்ணப்பிப்பதில்லை என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் என்னைப் போல வேலை போனவர்கள் சில பேர் உண்டு. காலையில் எல்லோரும் அலுவலகம் போனபின் கிளப் ஹவுஸில் கூடுவோம். ஒருவரை ஒருவர் நேர்காணல் செய்து பழகுவோம். டேபிள் டென்னிஸ் மேஜைதான் எங்கள் மேஜை. எங்களுக்குத் தலைவர் ஒரு நாக்பூர்க்காரர். ஒரு காலத்தில் பெரிய பதவியில் இருந்து, ஆட்களை எடுத்தவர். இப்போது அவரை எடுக்க ஆளில்லை. அவர் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். கேட்பவர் "ஆர் யூ ஷ்யூர்?" என்று கேட்டுவிட்டால் உன் விடை தப்பு என்று பொருள், அவர் நல்ல மனதோடு துப்பு கொடுக்கிறார், உடனே மாற்று.

"ஷ்யூர் பூச்சா, தோ சமஜ் லோ கலத் ஹை" என்று மேஜையைத் தட்டுவார்.

நாங்கள் அதையே மந்திரமாகப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் விடை சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வேண்டுமென்றே "ஷ்யூர்?" என்பார். அவர் சட்டென்று மாற்ற வேண்டும். எவ்வளவு வேகமாக மாற்றுகிறோம் என்பதில் எங்களுக்குள் ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பாணேரில் என்னைக் கேள்வி கேட்க வந்தவன் முப்பதுகூட இருக்கமாட்டான். மரியாதையான பையன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பலகையில் ஒரு மரம் வரைந்தான். எங்கள் மென்பொருள் தொழிலில் மரம் என்பது எண்களை அடுக்கிவைக்கும் ஒரு முறை, அது தலைகீழாக வளரும். வேர் உச்சியில் இருக்கும். உச்சியில் ஐம்பது. இடப்பக்கம் கீழே இருபது, வலப்பக்கம் கீழே எழுபது. எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு இடப்பக்கம் இருப்பவை எல்லாம் அதைவிடச் சிறியவை, வலப்பக்கம் இருப்பவை எல்லாம் பெரியவை. அவ்வளவுதான் சட்டம். இருபதுக்கு வலப்பக்கம் நாற்பது, நாற்பதுக்கு வலப்பக்கம் நாற்பத்தாறு. எழுபதுக்கு இடப்பக்கம் அறுபது, அறுபதுக்கு வலப்பக்கம் அறுபத்தொன்று.

"நான் ஒரு எண் தருவேன். அது மரத்தில் இல்லாமலும் போகலாம். அதற்கு மிக அருகில் இருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. இது எனக்கு அத்துப்படி. உச்சியிலிருந்து இறங்க வேண்டும். வழியில் பார்த்த எண்களில் எது மிக அருகில் இருக்கிறதோ அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்ட எண், நிற்கும் இடத்தில் இருக்கும் எண்ணைவிடச் சிறிதென்றால் இடப்பக்கம், பெரிதென்றால் வலப்பக்கம், சமமென்றால் அதுவே விடை. இறங்க இடமில்லாமல் போகும்போது கையில் இருப்பதுதான் விடை. விட்டுவிட்ட பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஐம்பதைவிடச் சிறியதைத் தேடும்போது ஐம்பதுக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் ஐம்பதைவிடவும் தள்ளித்தான் இருக்கும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினேன். அறுபத்திரண்டுக்கு நடத்திக் காட்டச் சொன்னான். ஐம்பது, எழுபது, அறுபது, அறுபத்தொன்று. ஒவ்வொரு படியிலும் நெருங்கிக்கொண்டே போய் அறுபத்தொன்றில் நின்றது. ஒரு வருடத்துக்குமேல் கழித்து நான் மறுபடியும் நானாக இருந்தேன்.

அவன் மார்க்கரை மூடிக்கொண்டே, "ஆர் யூ ஷ்யூர்?" என்றான்.

அடப்பாவி! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் காதில் டேபிள் டென்னிஸ் மேஜை தட்டும் சத்தம் கேட்டது. தப்பு, எங்கேயோ தப்பு. எங்கே? பலகையை மேலும் கீழும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசி வரை இறங்குகிறேனே, அதுதான் வீண் வேலையோ? நெருங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் விலக ஆரம்பித்துவிட்டால் அதோடு நிறுத்திவிடலாமே, இவன் எதிர்பார்ப்பது அந்தச் சுருக்குவழிதானோ? எங்கள் கிளப் ஹவுஸ் வேகத்தில் அதைச் சொல்லிவிட்டேன். "இடைவெளி முன்னைவிடப் பெரிதானால் நிறுத்து" என்று ஒரு வரியை நடுவில் செருகினேன்.

அவன் மார்க்கரை மறுபடி திறந்தான். பலகை ஓரத்தில் நாற்பத்தேழு என்று எழுதினான்.

"இதற்கு நடத்துங்கள்."

ஐம்பதில் ஆரம்பித்தேன். இடைவெளி மூன்று. நாற்பத்தேழு சிறிது, ஆகவே இடப்பக்கம். இருபது. இடைவெளி இருபத்தேழு. பெரிதாகிவிட்டது. என் வரி நிறுத்தச் சொல்கிறது. விடை ஐம்பது.

பலகையில் நாற்பத்தாறு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. இருபதுக்குப் போய், அங்கிருந்து நாற்பதுக்குப் போய், அதற்கும் அடுத்து. ஒரே ஒரு எண் தள்ளி. முதலில் தூரமாகப் போனால்தான் அங்கே போய்ச் சேரவே முடியும். இந்த மரத்தின் இயல்பே அதுதான் என்று நானே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சட்டென்று டஸ்டரை எடுத்து அந்த வரியை அழித்தேன். "மன்னிக்கணும். நிறுத்தக் கூடாது. முதலில் எழுதியதுதான் சரி" என்றேன்.

"ஆர் யூ ஷ்யூர்?" என்றான் மறுபடியும்.

அதே குரல், அதே முகம். முதல் தடவை கேட்டது துப்பா? இது துப்பா? இரண்டும் துப்பு என்றால் எதுதான் சரி? பலகையில் விடை பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்படி இருக்கிறது. ஆமாம் என்று ஒரு சொல். அது வரவில்லை. நான் டஸ்டரைப் பிடித்தபடி நின்றேன். கை முழுக்க மை.

"தெரியவில்லை" என்றேன்.

அவன் கைபேசியில் மணியைப் பார்த்தான். நன்றி சொன்னான். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தான். பொத்தானை அழுத்திவிட்டு, யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீங்க 'ஐயோ'ன்னதும்தான் தமிழ்னு தெரிஞ்சிச்சு" என்றான். திருநெல்வேலிப் பேச்சு. "சொல்லக் கூடாது, இருந்தாலும் மனசு கேக்கல. நீங்க மொதல்ல எழுதுனதே சரிதான்க்கா. சுத்தமா இருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க தம்பி ஷ்யூரான்னு கேட்டீங்க?"

"நான் எல்லார்ட்டயும் கேப்பேன்க்கா. சரியா எழுதுனவங்ககிட்டயும் கேப்பேன். ஏன் சரின்னு சொல்லுதாவளான்னு பாக்கத்தான். ஆமான்னு சொல்லிருந்தீங்கன்னா போதும்." கொஞ்சம் தயங்கி, "ரெண்டாவது வாட்டியாவது சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

லிஃப்ட் கதவு திறந்தது. வாழ்த்துகூடச் சொல்ல முடியாமல் அவன் தலையை ஆட்டினான். பாவம், அவனைத் திட்டவும் முடியவில்லை. திட்டக்கூட ஆளில்லாத துக்கம்தான் மகாமோசமானது.

ஆட்டோவில் திரும்பும்போது அழவில்லை. ஆட்டோக்காரர் யாரிடமோ மராட்டியில் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்கு அது இதமாக இருந்தது. வழி நெடுக நாற்பத்தாறு, நாற்பத்தாறு என்று வாய் முணுமுணுத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கும் எட்டியது, வாய்க்கும் எட்டியது, நானே துப்பிவிட்டு வந்தேன். வேலை போனது கம்பெனியால். இது போனது யாரால்? வேலையோடு வேறொன்றும் போய்விட்டது, ஆமாம் என்றால் ஆமாம்தான் என்று நிற்கும் ஒன்று. அது எப்போது போனதென்று எனக்குத் தெரியவே இல்லை.

மத்தியானமே மின்னஞ்சல் வந்துவிட்டது. மற்றவர்கள் சொன்னதோடு சரி, இவர்கள் மட்டும் 'இல்லை' என்பதைத் தாமதிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் அன்று சீக்கிரம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நேரே அடுப்படிக்குப் போனார். டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரைப் பிடித்த என் விரல்களில் இன்னும் நீல மை இருந்தது.

"ஓசூருக்குச் செரின்னு எழுதிப் போட்டுருங்க" என்றேன்.

"என்ன கண்ணு, அவசரப்பட்டுச் சொல்ற. நான் வேணும்னா திங்கக்கெழம வரைக்கும் டைம் கேக்கறேன். இன்னொரு எடத்துக்குப் போட்டுப் பாரேன்."

"வேண்டாமுங்க. இனி எங்கியும் போடறதில்ல."

அவர் என்னையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமா" என்றேன்.

எவ்வளவு தெளிவாக வந்தது அந்தச் சொல். காலையில் பலகைக்கு முன்னால் வராதது, இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவர் இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கணினியைத் திறந்து, ஓசூருக்குச் சம்மதம் என்று தட்ட ஆரம்பித்தார்.