குட்டியக்காவின் கை

முகத்தை ஒருவருக்கும் காட்டாமல் ஊரெல்லாம் அறிமுகமாவது எப்படி என்று குட்டியக்காவைத்தான் கேட்க வேண்டும். அவளாக அதற்கு ஆசைப்படவில்லை, தானாக வந்து வாய்த்தது.

கைப்பின்னல் கூடைகளை ஆன்லைனில் விற்கும் கடையில் அவள் பார்சல் கட்டுகிறவள். அட்டைப்பெட்டி மடிப்பது, உள்ளே காகிதம் கசக்கித் திணிப்பது, டேப் ஒட்டுவது, இதுதான் வேலை. அடுத்த அறையில் படம் எடுக்கிற தம்பி ஒருநாள் கதவோரம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, வந்து இந்தக் கூடையைச் சும்மா தொட்டுக்கிட்டு நில்லுங்களேன். கை இல்லாம எடுத்தா இது பொடி டப்பாவா, அழுக்குத்துணிக் கூடையான்னே தெரியமாட்டேங்குது."

போய் நின்றாள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் காலையில் அவள் கைக்கு அங்கே வேலை.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத்துணி கட்டியிருப்பான். வெயில் அதில் வடிகட்டிப் பாலாக இறங்கும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் தாழ்ந்து வர வேண்டும் என்பான் தம்பி. அப்போதுதான் ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரின் மேல் நிழல் போட்டு, பின்னல் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் பிரம்புக்கூடையும் பிளாஸ்டிக் கூடையும் ஒன்றுதான். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டிருக்கும்.

"பிடிக்காதீங்கக்கா. பஸ் கம்பியா அது? தூங்குற குழந்தையைத் தொடுற மாதிரி தொடுங்க."

தொடுவாள். அசையாமல் நிற்கையில் விரல்நுனிக்குக் கீழே கோரைப்புல் லேசாகச் சூடேறும். கை இங்கே இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். இந்தக் கூடை போகப்போகிற வீட்டுக்கு முன்னதாகவே போய்விடுவாள். அங்கே யாரோ ஒருத்தி படுத்துக்கொண்டு போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், கூடையோடு சேர்த்து இந்த விரல்களையும். அவள் கண் சொக்குகிறது. குட்டியக்காவின் கை அவள் தூக்கத்துக்குள் நடந்துபோய் அலமாரியைத் திறந்து ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்புகிறது. "முடிஞ்சுதுக்கா" என்று தம்பி இரண்டு தரம் கூப்பிட்டால்தான் இவளும் திரும்புவாள்.

இத்தனைக்கும் அந்தக் கையை அவளுக்குப் பிடித்ததே இல்லை. பெயரே குட்டி. வயசு ஐம்பதை நெருங்கியும் பின்னால் ஓர் அக்கா ஒட்டிக்கொண்டதே தவிர, முன்னால் இருந்த குட்டி போகவில்லை. வளையல் கடையில் இன்றைக்கும் குழந்தைகள் வரிசையில்தான் அவள் அளவு. பெயின்ட் அடிக்கப் போகிற அவள் புருஷன், "உன்கிட்ட அறை வாங்கினா கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும்டி" என்பான். வாங்கிப் பார்த்த அனுபவம்தான். எதுவானாலும், படத்தில் அந்தக் கை அழகாயிருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, ராத்திரி போனில் திறந்து திறந்து பார்த்துக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் அனுப்பிய கூடைகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லோரும் ஒரே பாட்டு: படத்தில் பெரிதாயிருந்தது, வந்தது சிறிதாயிருக்கிறது. முதலாளியம்மா அளவு நாடாவை எடுத்து அளந்தாள். போட்டிருந்த சென்டிமீட்டர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சென்டிமீட்டரை யார் படிக்கிறார்கள்?

தம்பி தன்மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டான். கூடை முன்னாலும் கை பின்னாலும் இருந்தால் கூடை பெரிதாகத் தெரியுமாம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தான். லென்ஸை மாற்றித் தள்ளி நின்று எடுத்தான். பழைய படங்களையும் மாற்றினான். அப்படியும் பார்சல்கள் போன சுவடு மறையாமல் திரும்பி வந்தன.

ஒரு காலையில் குட்டியக்கா அப்படி வந்த ரொட்டிக்கூடை ஒன்றைப் பிரித்தாள். வாங்கியவள் கோபத்தில் இரண்டு படத்தை ஒரே தாளில் அச்சடித்து உள்ளே வைத்திருந்தாள். இடது பக்கம் கடை போட்ட படம். வலது பக்கம் அதே கூடையை வாங்கியவள் பிடித்திருக்கும் படம். இடது பக்கக் கூடையில் ஒரு குடும்பத்துக்கே ரொட்டி அடுக்கலாம். வலது பக்கத்தில் நாலு அடுக்கினால் அதிகம்.

குட்டியக்கா இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். கூடை அதே கூடை. மாறியிருந்தது கைதான்.

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சொன்னால் அந்த ஜன்னல் போய்விடும். பால் வெளிச்சம் போய்விடும். மிச்சம் இருப்பது டேப்பும் அட்டையும். கையைப் பார்த்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மத்தியானம் வரை பெட்டி மடித்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியம்மா கூடை பின்னுகிறவளை போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இனிமே எல்லாமே ஒரு சுத்து பெருசா வேணும். பின்னுற அச்சை மாத்திடுங்க."

"அம்மா, மரஅச்சு புதுசா செதுக்கணுமே. பாதி பின்னினது வீடு முழுக்கக் கிடக்கு. அதெல்லாம்?"

"பிரிச்சுடுங்க. வேற வழி இல்லை."

"பிரிச்ச நார் திரும்பப் பின்னினா உடையும்மா. அவ்வளவும் அடுப்புக்குத்தான்." அந்தக் குரல் தாழ்ந்தது. "எங்க மேல என்ன தப்புன்னு சொன்னா தேவலை."

குட்டியக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து மேஜைக்குப் போனாள். இடுப்பிலிருந்து தாளை எடுத்து முதலாளியம்மா முன்னால் விரித்து வைத்தாள்.

"பிரிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா. தப்பு அவங்க மேல இல்ல. உங்க கையை நீட்டுங்க."

முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் நீட்டினாள். குட்டியக்கா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். விரல்நுனி அங்கே கடைசிக் கணுவையே தொடவில்லை. தம்பி, "அட ஆண்டவா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதமாக லென்ஸுக்குள்ளே அந்தக் கையையே பார்த்திருந்தவன் அவன். அளவு காட்டத்தான் கையை வைத்தான், கையின் அளவை மட்டும் கவனிக்கவில்லை.

போனில், "அப்படியே பின்னுங்க. அச்சு சரியாத்தான் இருக்கு" என்றாள் முதலாளியம்மா. அந்தப் பக்கம் வந்த பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது.

மறுவாரம் முதலாளியம்மா கையை வைத்து எடுத்தார்கள். அந்தக் கை கூடையைக் கடன்காரனைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தது. "பிடிக்காதீங்கம்மா, தொடுங்க" என்று குட்டியக்கா தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேலை முடிந்ததும் தம்பி கம்ப்யூட்டரில் பழைய படங்களை அழித்தான். பக்கத்தில் நின்று பார்த்தாள். பழக்கூடையோடு ஒரு கை, மூடிபோட்ட பெட்டியோடு ஒரு கை; ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒன்று வந்ததும், "நில்லு" என்றாள்.

வெள்ளை மேஜை. அதன்மேல் ஒரு கை மட்டும். பக்கத்தில் கூடை இல்லை, ஒன்றுமே இல்லை.

"இது கூடையை வைக்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் பார்க்க எடுத்ததுக்கா. எங்கேயும் போடலை."

குட்டியக்கா குனிந்து பார்த்தாள். அந்தக் கை சின்னதில்லை. பெரிதுமில்லை. பக்கவாட்டில் வந்த வெளிச்சத்தில் ரேகையெல்லாம் எழுந்து, பின்னிவைத்தது போல நிதானமாகக் கிடந்தது.

"இதை அழிக்காதே தம்பி. எனக்கு ஒரு பிரதி போட்டுக் குடு."

"போட்டாப் போச்சு. எந்த சைஸ் வேணும்?"

"உன்னால எவ்வளவு பெருசா போட முடியுமோ," என்றாள், "அவ்வளவு பெருசு."