ரேடியோ அனுப்பிய வேலைக் கடிதம்

என் கடைசித் தங்கைக்கு மூன்றாவதும் பெண் என்று போன் வந்த அன்றே அந்தப் பெயரையும் கேட்டுவிட்டேன். "அழுகைய நிறுத்தவே மாட்டேங்குதுக்கா. ரேடியோ பொறந்திருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் ரேடியோ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் வளர்ந்து நர்ஸிங் முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் செய்துகொண்ட நேரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. பயிற்சியில் எல்லா வார்டும் சுற்றியவளுக்கு குழந்தைகள் வார்டில்தான் மனசு நின்றிருந்தது. விண்ணப்பத்தோடு கடிதமும் கேட்டிருந்தார்கள். எழுதி, மெயிலில் அனுப்பிவிட்டு, தன் அம்மாவுக்கும் எனக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

நன்றாகத்தான் இருந்தது. பயிற்சியின்போது அவள் பார்த்துக்கொண்ட, ஊசியைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் ஒரு பையன். அவனுடைய கரடி பொம்மைக்கு முதலில் ஊசி போடுவதுபோல் காட்டி, அவனாகவே வெளியே வர வைத்திருக்கிறாள். ஏழு வயது, இரட்டையரில் சின்னவன், அப்பா பள்ளி பஸ் ஓட்டுகிறவர், வலிப்பு நோய் என்றெல்லாம் எழுதியிருந்தாள்.

உறவுமுறை என்றால் என் நாக்கு சும்மா கிடக்காது. "அட, இது நம்ம தையற்கடைக்காரர் மருமகனோட பிள்ளையாச்சே. அவனுக்கு வலிப்பா? யார்கிட்டயும் மூச்சு விடலையே அவங்க" என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் பேரு எழுதலையே பெரியம்மா."

"பேரு எதுக்குடி? இரட்டைப் பிள்ளை, பஸ் டிரைவர் மகன். இதுக்கு மேல விலாசம் வேணுமா?"

நோயாளி விஷயத்தை வெளியே விடக்கூடாது என்பது அவர்களுக்கு முதல் வருஷப் பாடமாம்.

"அனுப்பினது அனுப்பியாச்சு, கிளறாதே" என்றாள் தங்கை. "நீயா போய்ச் சொன்னா கிடைக்கிற வேலையும் போயிடும்."

"போனா போகட்டும்மா. அந்தப் பையனோட அம்மா என்னை நம்பித்தானே எல்லாம் சொன்னாங்க."

என்னிடம், "நீங்க இதை மறந்துடுங்க" என்று கெஞ்சினாள். உறவை மறக்க எனக்குத் தெரியாது. வாயை மூடத் தெரியும். இந்தக் கதையில்கூட உறவு, தகப்பன் தொழில், நோய் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் அலுவலகத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அந்தக் கடிதத்தை அழிக்கச் சொல்லிவிட்டு, பையனின் அடையாளம் எதுவும் இல்லாத வேறொன்றைக் கொடுத்தாள். தான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டு வந்தாள். நல்ல திட்டு கிடைத்தது.

இருந்தும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சூப்பிரண்டெண்ட் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாராம். "நீ ஒரு பிள்ளைக்கு மருந்து அளவு தப்பாக் குடுத்துட்டேன்னு வை. என்ன செய்வே?"

"முதல்ல பிள்ளையைப் பார்ப்பேன் மேடம். உடனே டாக்டர்கிட்டயும் வார்டு சிஸ்டர்கிட்டயும் சொல்வேன். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுப்பேன்."

"திட்டுவாங்களே?"

"இப்பதான் வாங்கிட்டு வந்தேன் மேடம்."

அந்த அம்மா சிரித்துவிட்டாராம். "பிள்ளையோட எடை பாத்து மருந்து குடுக்கிற வார்டு இது. தப்பை ஒளிக்கிறவங்க இங்க ஆகாது. உன் வாயை மட்டும் ஆறு மாசம் கவனிப்போம்."

தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதமும் கவனித்தார்கள். இப்போது அவள் அந்தக் குழந்தைகள் வார்டில் நிரந்தர நர்ஸாக இருக்கிறாள். இந்த வாரம் அவளுக்குப் பகல் ஷிப்ட்.