நடுவில் நின்ற ஆறு பேர்

பள்ளிக்கூடத்தில் எனக்கு உருளைக்கிழங்கு மிஸ் என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்ததல்ல என்று நானே என்னைத் தேற்றிக்கொள்கிறேன். நான் கரும்பலகையில் போடும் வட்டத்தைப் பார்த்து வைத்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணங்கள் நடத்துகிறேன். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டம் போட வேண்டிய பாடம். என் கை போடுவதோ மூன்று உருளைக்கிழங்கு, அதிலும் ஒன்று முளைவிட்டது.

அதனால் ஒவ்வொரு வருஷமும் பயிற்சித்தாளுக்கு வட்டம் போட்டுத் தருபவர் டிராயிங் மாஸ்டர். காம்பஸ் எல்லாம் அவருக்கு வேண்டாம். வெறுங்கையால் ஒரே இழுப்பில் போட்டு, "இந்தாங்க டீச்சர், ஆப்பச் சட்டியில வார்த்த மாதிரி இருக்கா?" என்பார். அவர் சாயந்திர வகுப்புக்காக மட்டும் அமர்த்தப்பட்டவர். பாட்டும் சதுரங்கமும் சொல்லிக்கொடுப்பவர்கள் நிரந்தர ஆசிரியர்கள். சாயந்திர வகுப்பு நின்றால் அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள். மாஸ்டருக்கோ வேலையே போய்விடும்.

அந்த வகுப்பைத்தான் நிறுத்தலாம் என்று பெரிய மேடம் யோசித்தார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என்னைக் கூப்பிட்டு மூன்று வருகைப் பதிவேட்டையும் நீட்டினார்.

"மூணையும் கூட்டினா எழுபத்தெட்டு வருது. ஆனா ஒரே பிள்ளை மூணுத்துலயும் உக்காந்திருக்கும்போல. தனித்தனியா அறுபது பிள்ளைங்களாவது இருந்தாத்தான் வகுப்பு முடிஞ்சு வீட்டுல கொண்டுவிட வேன் விட முடியும். எத்தனை பேருன்னு கணக்குப் பார்த்துச் சொல்லுங்க."

வட்டம் போட்டால் முடிந்தது. ஆனால் வட்டத்துக்கு மாஸ்டரிடம் போக வேண்டும். அவர் வேலை இருக்குமா போகுமா என்ற கணக்குக்கு அவரையே வட்டம் போடச் சொல்வதா? மனசு கேட்கவில்லை. அதோடு, இருபது வருஷம் இதையே நடத்தியவள் மேடத்தின் முன்னால் படம் போட்டுக்கொண்டு நிற்பதா என்ற மிதப்பும் இருந்தது. பதிவேடுகளை ஒத்துப் பார்த்துத் துண்டுத்தாளில் குறித்தேன். ஓவியம் 28, இசை 26, சதுரங்கம் 24. ஓவியத்துக்கும் இசைக்கும் வருபவர்கள் 9, இசைக்கும் சதுரங்கத்துக்கும் 8, ஓவியத்துக்கும் சதுரங்கத்துக்கும் 7. மூன்றுக்கும் வருபவர்கள் 6. பிறகு மனக்கணக்காகவே போட்டேன். எழுபத்தெட்டில் இருபத்துநாலு போனால் ஐம்பத்துநாலு.

"ஐம்பத்துநாலு மேடம்," என்றேன். குரலில் வருத்தம் இருந்தது. சந்தேகம் மட்டும் துளியும் இல்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மாசக் கடைசியோட நிறுத்திடலாம்."

மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "பரவாயில்ல டீச்சர், கணக்குன்னா கணக்குதானே" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ஆசிரியப் புத்தி எங்கே போகும்? நம் பள்ளிக் கணக்கே கையில் இருக்கிறதே என்று அதே எண்களைப் பயிற்சித்தாளில் கேள்வியாக வைத்துவிட்டேன். ஓ, இ, ச மூன்று கணங்கள். n(ஓ ∪ இ ∪ ச) காண்க. திருத்தும்போது ஒத்துப் பார்க்க வைத்துக்கொள்ளும் என் விடைத்தாளில் கம்பீரமாக 54 என்று எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை சமையலறை மேசையில் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் அறுபது. தப்பு. அடுத்ததும் அறுபது. அதற்கும் தப்பு. சிவப்புப் பேனா அரிவாள் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"வகுப்பே காப்பியடிச்சிருக்கு," என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வகுப்பு முழுசும் ஒரே தப்பைப் பண்ணுதுன்னா, யார் சொல்லிக்குடுத்ததுன்னு முதல்ல பாரு," என்றார். மனுஷருக்கு என்னைக் குத்திக்காட்ட ஏதாவது கிடைத்துவிட்டால் போதும்.

கடைசியில் ஒரு தாளில் ஐம்பத்துநாலு. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யார் என்று பார்த்தால் சிட்டு. கடைசி பெஞ்சு. கணக்கில் இதுவரை என்னிடம் ஒரு டிக் வாங்காத பிள்ளை. பெரிதாக ஒரு டிக் போட்டேன். வகுப்பில் படித்துக்காட்டலாம் என்று அவள் செய்முறையைப் பார்த்தேன். மூன்றையும் கூட்டியிருந்தாள். இரண்டிரண்டாக வருபவர்களைக் கழித்திருந்தாள். அத்தோடு விட்டிருந்தாள்.

"அடி பைத்தியமே, நடுவை எங்கே விட்டே?" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்கிறேன் என்று புரிந்தது.

மூன்றுக்கும் வரும் அந்த ஆறு பேரைக் கூட்டும்போது மூன்று தடவை எண்ணுகிறோம். கழிக்கும்போது ஜோடிக்கு ஒரு தடவையாக மூன்று தடவையும் வெளியே தள்ளிவிடுகிறோம். மறுபடி ஒரு தடவை சேர்க்காவிட்டால் அவர்கள் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். இதை வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துபவள் நான். ஐம்பத்துநாலும் ஆறும் அறுபது. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு ஐம்பத்துநாலு. இன்னிக்கு அறுபது. நான் கேட்டதும் சரியா அறுபது. மாஸ்டர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவர், இல்ல?"

தப்பாகச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர், சரியாகச் சொல்லும்போது நம்பவில்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"என்னை நம்ப வேணாம் மேடம். சாயந்திரம் மைதானத்துக்கு வாங்க. நீங்களே தலையை எண்ணுங்க."

இந்த முறை வெட்கப்படாமல் மாஸ்டரிடம் போனேன். என் தப்பை முழுசாகச் சொன்னேன். அவர், "ஒரு வார்த்தை கேட்டிருந்தா வட்டம் போட்டுத் தந்திருப்பேனே டீச்சர்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு முளையை அடித்துக் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் மூன்று பெரிய வட்டம் போட்டார். ஒரு கோணல் இல்லை.

பிள்ளைகள் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஓவியம் மட்டும் பதினெட்டு, இசை மட்டும் பதினைந்து, சதுரங்கம் மட்டும் பதினைந்து. இரண்டு வட்டம் மட்டும் சேரும் இடங்களில் மூன்று, இரண்டு, ஒன்று. மேடம் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "ஐம்பத்துநாலு," என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

நான் நடுவைக் காட்டினேன். மூன்று வட்டமும் சேரும் இடத்தில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேடம் அவர்களையும் தொட்டு எண்ணினார். அறுபதாவது தலை சிட்டுவுடையது.

"நீ மூணுக்கும் வர்றியா?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ். வீட்டுல யாரும் வர ஏழு மணி ஆகும்."

அவளே தன்னைக் கணக்கில் விட்டிருந்தாள். நானும் விட்டிருந்தேன்.

"சரி, வேன் ஓடட்டும்," என்றார் மேடம். மாஸ்டர் கையிலிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார். அது நல்ல வேட்டி. அவர் கவனிக்கவே இல்லை.

மறுநாள் எல்லாத் தாளிலும் போட்ட தப்பை அடித்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன். சிட்டு மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், என் டிக்கை அழிச்சிருவீங்களா?"

"அழிக்கத்தான் வேணும்."

அவள் தலையாட்டினாள். நான் என் விடைத்தாளை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் 54. பேனாவை அவள் கையில் கொடுத்தேன். முதலில் தன் தாளில் சின்னதாக ஒரு தப்பு போட்டாள். பிறகு என் தாளை இழுத்து, பக்கம் கொள்ளாத அளவுக்கு ஒன்று போட்டாள்.

"நீங்க மிஸ் இல்லையா," என்றாள்.