கிராம சேவகர் வந்திருந்தார்

மதுரங்குளியில் ஓர் இணைய இதழுக்காக, காணொளிப் பேச்சுகளைக் கட்டுரையாக்குவது அக்கீலாவின் வேலை. இன்றைய காணொளியில் உச்சமுனை மீனவர் மர்ஸூக், கடலரிப்பில் வீடு போன கதையைச் சொல்கிறார். தலைவலியோடு, அவர் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் வெட்டிக்கொண்டே வந்தாள்.

தொடக்கத்தில், "ஒத்தரும் வந்து பாக்கல்ல" என்று கத்துகிறார். ஆசிரியர் சியாம் அதையே தலைப்பாக்கியிருந்தார். ஆனால் கடைசியில், கோபம் தணிந்து, "இல்ல, கிராம சேவகர் வந்தார். பாவம், அவர்ட கையில என்ன இரிக்கி?" என்கிறார்.

அவரே திருத்திய பேச்சு. அக்கீலா தலைப்பை "கிராம சேவகர் வந்திருந்தார்" என்று மாற்றினாள்.

"சப்பெண்டு போயிட்டே," என்றார் சியாம்.

"ஓம் நானா," என்றாள் அக்கீலா, அண்ணனிடம் பேசுவதுபோல. "மொதல்ல கத்தினத எழுதினா, நாளைக்கு கிராம சேவகர்ட முகத்துல அந்த மனிசன் எப்படி முழிக்கிற?"