குறைத்துச் சொன்ன மூன்று வயது

எனக்கு உண்மையில் அறுபத்தாறு வயது. அடையாள அட்டையில் அறுபத்துமூன்று. வளர்ந்த பெண்ணை முதல் வகுப்பில் எடுக்கமாட்டார்கள் என்று பயந்து, அம்மா பள்ளியில் மூன்று வயது குறைத்துச் சொன்னாள். நாலாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். குறைத்த வயது மட்டும் நிற்காமல் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் இங்கிலாந்துக்குச் சமையல் வேலைக்குப் போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன். தனியாகக் கிடக்கிறார். நான் போகவேண்டும். மனைவி விசாவுக்கு ஆங்கிலத்தில் பேசவும், கேட்டுப் புரிந்துகொள்ளவும் அடிப்படைப் பரீட்சை தேற வேண்டுமாம். அறுபத்தைந்து ஆனவர்களுக்கு அது வேண்டாம்.

இங்கே பர்மாவில், எங்கள் போட்டாதாங் பேட்டையில் விசாத் தாள் நிரப்பிக் கொடுக்கும் பாயிடம் போனேன்.

“அட்டையில உள்ளதுதான் வயசு அக்கா. நரைச்ச தலைய அவங்க பாக்கமாட்டாங்க.”

“வேற யாருக்கு வேணாம்?”

“இங்கிலீஷ்ல டிகிரி படிச்சவங்களுக்கு. இல்லைன்னா பரீட்சைக்கே முடியாத அளவுக்கு உடம்போ மனசோ சரியில்லைன்னு டாக்டர் எழுதித் தரணும்.”

“எனக்குப் பேசக் கூச்சம், பாய்.”

“கூச்சத்துக்கு எந்த டாக்டர் எழுதுவாரு? இத ஒண்ணு தாண்டிடுங்க. ரெண்டரை வருஷம் கழிச்சு விசாவ நீட்டும்போது அட்டையிலயும் அறுபத்தஞ்சு தாண்டியிருக்கும். அதுக்கப்புறம் பரீட்சையே கிடையாது.”

மூன்று மாதம் வகுப்புக்குப் போனேன். பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, என் பெயர், என் வீடு, எனக்குப் பிடித்த சாப்பாடு என்று ஒப்பித்தேன்.

பரீட்சை அறையில் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் ஒரு பர்மாக்காரப் பெண். நாங்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பேச வேண்டும். வாரக் கடைசியில் என்ன செய்வாய் என்று அவள் என்னைக் கேட்டாள். புரிந்தது. துணி துவைப்பேன், சமைப்பேன், அவருக்குப் போன் போடுவேன். எல்லாம் ஆங்கிலத்திலேயே நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளும் பரீட்சை எடுப்பவருமாக, அந்நியர்கள் இரண்டு பேர் என் வாயையே பார்த்தார்கள். ‘குக்கிங்’ என்றேன். சிரித்தேன். அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அவளே பேசினாள்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. மதிப்பெண் எதுவும் இல்லை. தேறவில்லை என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்காரர் போனில் சிரித்தார். “வீட்டுல என்னைத் திட்டுறப்ப மட்டும் உன் வாய் மூடவே மூடாது! விடு, ரெண்டு வருஷம் போனா அட்டைக்கே அறுபத்தஞ்சு ஆயிடும். அப்ப வா.”

“ரெண்டு வருஷம் நீங்க இருப்பீங்களா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் இருமினார்.

மறுநாள் பாய் கடையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “பாய், பரீட்சைக்கு இன்னொரு தேதி போடுங்க.”