எல்லா நாளும் செவ்வாய்

எங்கள் கால்வாய்ப் பாசன சங்கத்தின் துணைவிதி ஏழு, உட்பிரிவு ஆ: "முறைப்பாசனக் காலத்தில் அன்றைய தண்ணீர் எந்த மடைக்கு என்பது, அலுவலகம் திறக்கும்போது அறிவிப்புப் பலகையில் காணப்படுகிறபடியே முடிவாகும். வாய்மொழிக் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா." இதை எழுதியவன் நான். அரசுப் பணியில் பாதி வாழ்நாளைக் கோப்புகளோடு கழித்துவிட்டு, ஓய்வுபெற்றதும் சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஆனேன். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள்.

பலகை முதலில் கரும்பலகையாக இருந்தது. சாக்பீஸ் எழுத்தை யாரோ துண்டால் துடைத்துவிட்டார்கள் என்று வருடாவருடம் சண்டை வந்ததால், யாராலும் துடைக்க முடியாத ஒன்றை வைக்கச் சொன்னேன். பாளையங்கோட்டையில் கணினி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், எங்கள் மூன்றாம் மடைக்காரரின் மகள், அதைச் செய்து தந்தார். சன்னலில் சாலையைப் பார்த்தபடி ஒரு டிவி. அதன் முதுகில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி. கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. மின்சாரம் வந்தால் தானே விழித்து, திரை முழுக்க ஒரே ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும். அந்தப் பக்கம் செத்துப்போனால் அதுவே மறுபடி திறந்துகொள்ளும். வேறு எதற்கும் அசையாது. இப்படியொரு குமாஸ்தா என் பணிக்காலத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

அந்த இணையப் பக்கத்தில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் இணையத்திலிருந்து வந்து விழும். மேலே பெரிய எழுத்தில் கிழமையும் அன்றைய மடையும். ஏழு மடைக்கு ஏழு நாள்: செவ்வாய் முதல் மடை, திங்கள் கடைமடை. இணையம் வரத் தாமதமானாலும் திரை வெறுமையாக இருக்கக்கூடாது என்று, பக்கத்தின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார் ஆசிரியை. திடீரென்று மின்சாரம் போனால் மெமரி கார்டு பழுதாகும் என்பதால், கடைசியில் அந்தக் கார்டில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினார். பிறகு பிளக்கைப் பத்துத் தடவை பிடுங்கிச் சொருகிக் காட்டினார். பத்துத் தடவையும் "செவ்வாய், முதல் மடை" என்று சரியாக வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. சோதனை திருப்தி என்று கையெழுத்திட்டேன்.

ஒரு வாரத்தில் என் கைப்பேசிக்குப் புகார் வரத் தொடங்கியது. பெட்டி மாலை ஐந்தே முக்காலுக்குத் தொடர்பை இழக்கிறது, காலை எட்டு மணிக்குத் திரும்புகிறது என்று ஆசிரியையின் சர்வர் தினமும் குறுஞ்செய்தி அனுப்பியது. தினசரி ஒரே நேரத்தில் மின்வெட்டு! மின்வாரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. முதல் நினைவூட்டலைப் பார்வையில் காட்டி நினைவூட்டல் இரண்டு.

தை மாதம் அணையின் நீர்மட்டம் இறங்கி, நாளுக்கு ஒரு மடை என்று முறைப்பாசனம் தொடங்கியது. முதல் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைமடைப் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்து நின்றாள். ஒன்றரை ஏக்கர், கிணறு கிடையாது, நெல் பால்பிடிக்கும் சமயம். அன்றைய தண்ணீர் அவளுக்கு. ஆனால் முதல் மடைதான் திறந்திருந்தது. மடைகளைத் திறந்து மூடும் மடைக்காவலர் விதி ஏழு ஆ-வைக் காட்டினாராம். முதல் மடையில் நிலம் வைத்திருக்கும் அண்ணாச்சி, அலுவலகம் திறக்கும் எட்டு மணிக்கே வந்து திரையைப் போட்டோ எடுத்து அவரிடம் காட்டியிருந்தார். போட்டோவில் "செவ்வாய், முதல் மடை."

நான் திரையைப் பார்த்தேன். "திங்கள், கடைமடை" என்று பளிச்சென்று இருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை, போட்டோ போன வாரத்தது என்று தீர்ப்புச் சொன்னேன். வரவழைத்ததும் அண்ணாச்சி போட்டோவின் நேரத்தைக் காட்டினார். அதற்குள் பகல் பாதி போய்விட்டது, அன்றைய தண்ணீர் விதிப்படி முதல் மடைக்கே போயிற்று. மற்ற நாட்களிலும் அண்ணாச்சி இதைச் செய்துபார்த்தாராம். நடு மடைக்காரர்கள் பக்கத்திலேயே இருப்பவர்கள், கூட்டமாக வந்து சத்தம்போட்டு மூடவைத்திருக்கிறார்கள். கடைமடைக்கு எட்டு கிலோமீட்டர்.

"அடுத்த திங்களும் தண்ணி வரலேன்னா கதிரெல்லாம் பதராப் போகும் சார்வாள்," என்றாள். "ஒரு நாளாவது எட்டு மணிக்கு வந்து பாருங்க."

கௌரவச் செயலாளர் ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்பது விதி இருபது. இருந்தாலும் அடுத்த திங்கள் போனேன். அவள் எனக்கு முன்பே நின்றிருந்தாள். அண்ணாச்சி கைப்பேசியோடு தயாராக இருந்தார். அலுவலக உதவியாளர் கதவைத் திறந்தார், சுவரோரம் போனார், மெயின் சுவிட்சைத் தூக்கினார். டிவி உயிர்பெற்றது.

"இதை யார் அணைச்சது?" என்றேன்.

"நாந்தான் ஐயா. பூட்டுறதுக்கு முன்னால மெயினை அணைக்கணும்னு நீங்க போட்ட ஆர்டர் இருக்குல்லா. அஞ்சே முக்காலுக்கு அணைக்கேன்."

மின்வாரியத்துக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் வரிசையாக என் கண்முன் வந்து வணக்கம் சொல்லின. அதற்குள் திரையில் எழுத்து வந்தது: "செவ்வாய், முதல் மடை." அண்ணாச்சி கிளிக் செய்தார்.

"இன்னைக்கு என்ன கெழம சார்வாள்?" என்று அவள் கேட்டாள்.

"திங்கள்."

"பொட்டி செவ்வாய்ங்குது. நீங்க எந்தப் பக்கம்?"

ஆசிரியையைப் போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் தலையிலடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தப் பெட்டிக்குள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாதாம். கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கார்டில் குறித்துவைத்து, விழித்ததும் அங்கிருந்து எண்ணத் தொடங்குமாம். இணையம் வந்ததும் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கார்டைப் பூட்டிவிட்டதால் குறிக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் அது பூட்டப்பட்ட அந்தச் செவ்வாயிலேயே விழிக்கிறது. எங்கள் இணைய மோடம் உயிர்பெறச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்துக்குத்தான் அண்ணாச்சி தினமும் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

கடைமடையைத் திறக்கச் சொன்னேன்.

"வாய்மொழி செல்லாதுல்லா வே," என்றார் அண்ணாச்சி. "பலகையில என்ன இருக்கோ அதுதான். விதி எழுதினது நீரு."

நியாயம். நான் எழுதிய விதிகளில் ஓட்டை இருக்காது. ஆனால் அலுவலகம் திறப்பது எத்தனை நிமிடத்தில் முடியவேண்டும் என்றோ, பலகையில் எந்த மையில் இருக்கவேண்டும் என்றோ அதில் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் "திங்கள், கடைமடை" என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, கோந்து தடவி டிவியின் மேல் ஒட்டினேன். அண்ணாச்சி அதையும் போட்டோ எடுத்தார். அன்றைய மடையைக் கேட்க வந்த மடைக்காவலர் அதைப் படித்துவிட்டு, திருப்தியாகக் கடைமடையைத் திறக்கப் போனார். அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள்.

மறுநாள் ஆசிரியை வந்து, பொத்தான் பேட்டரி போட்ட குட்டிக் கடிகாரம் ஒன்றைப் பெட்டியின் இணைப்பு ஊசிகளில் பொருத்தினார். நேரம் உறுதியாகும்வரை மடை எதையும் காட்டாமல் "நேரம் சரிபார்க்கப்படுகிறது" என்று மட்டும் காட்டும்படி பக்கத்தையும் மாற்றினார். மீண்டும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தார். இம்முறை புதன்கிழமையும் வந்து சோதிக்கவேண்டும் என்றேன். வந்தார். டிவியில் ஒட்டிய கோந்துதான் இன்றுவரை போகவில்லை. மெயின் சுவிட்ச் ஆணையைத் திருத்தப் பொதுக்குழு கூடவேண்டும், பொதுக்குழு கூடவில்லை. உதவியாளர் இன்றும் ஐந்தே முக்காலுக்கு அணைக்கிறார். பெட்டி அதைப் பொருட்படுத்துவதில்லை.

அறுப்பு முடிந்து, அவள் வைக்கோல் விற்ற கையோடு அலுவலகம் வந்திருந்த காலையில் தபால்காரர் மின்வாரியத்தின் உறையைத் தந்தார். களஆய்வு செய்ததில் அப்பகுதியில் மின்தடை ஏதும் இல்லை எனவும், தங்கள் அலுவலக மெயின் சுவிட்ச் தங்கள் ஆணைப்படியே தினமும் அணைக்கப்படுவதாகத் தங்கள் உதவியாளர் தெரிவித்தார் எனவும், ஆணையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது எனவும் எழுதியிருந்தது. நகலில் என் கையெழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

வாசலில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட அவள் சிரிக்காமல் சன்னல் டிவியைப் பார்த்தாள். "செவ்வாய்னு போட்டிருக்கே. இன்னைக்கு நெசமாவே செவ்வாய்தானா சார்வாள்?"

உறையின் மேல் பெறப்பட்ட நாளை எழுதினேன்: சித்திரை பதினொன்று, செவ்வாய்க்கிழமை.