கடிதத்தின் மூன்றாவது பத்தி

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு விதை நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் உளுந்தும் சுத்தம் செய்து, முளைப்புத் திறன் பார்த்து, மூட்டை கட்டி அனுப்பும் இடம். ஆலை திண்டிவனத்தில், விற்பனைக் கிடங்கு விழுப்புரத்தில். கொள்முதலிலிருந்து விற்பனைவரை எல்லாம் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளில் ஓடியது. நான் படித்தது பி.காம்.தான். ஆனாலும் மென்பொருளில் கோளாறு வந்தால் சென்னையிலிருந்த அதன் கம்பெனிக்குப் புகார் பதிவு செய்வது என் பொறுப்பாகிவிட்டது.

ஆய்வகத்தில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். விழுப்புரத்துக்கு அருகே காணைக்குப் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், மகளை பி.எஸ்சி. வரை படிக்க வைத்திருந்தார்கள். ஈரத்தாளில் நூறு நூறாக விதையைச் சுருட்டி வைத்து, பத்து நாள் கழித்துப் பிரித்து, முளைத்ததை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார். அந்தத் தேதிதான் முக்கியம். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் விதைக்கு ஆயுள். அதைத் தாண்டினால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். இரண்டு தேதியும் மூட்டையில் தைக்கும் அட்டையில் இருக்கும். அட்டைக்குக் கையெழுத்துப் போடுவதும் அக்காதான்.

ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து இரண்டு அட்டைகளை வைத்தார்.

"இன்னாம்மா இது? ரெண்டும் ஒரே குவியல்தான். நான் டெஸ்ட் பண்ணது கார்த்திகையில. விழுப்புரம் அனுப்புன பாதிக்கு மட்டும் சித்திரைன்னு அடிச்சிக்கினு வருது."

உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குவியலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு கிடங்குக்கு மாற்றினால், மென்பொருள் அந்தப் பாதிக்குப் புது எண் கொடுத்தது. கூடவே மாற்றிய நாளையே பரிசோதனை நாளாகவும் எழுதிக்கொண்டது. பழைய விதை ஒரே நொடியில் புது விதையாகிவிடும். கணினித் திரையைப் படம் எடுத்துப் புகார் பதிந்தேன். ஒரு வாரம் கழித்து, "எங்கள் கணினியில் இந்தக் குறை வரவில்லை" என்று எழுதிப் புகாரை மூடினார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். அதுவரை அக்கா பதிவேட்டை வைத்து ஒவ்வோர் அட்டையையும் சரிபார்த்தார்.

ஆடிப் பட்டத்துக்கு முன்னால் அவர் அம்மாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் விடுப்பு எடுத்தார். அதற்காக விழுப்புரம் அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னார் மேலாளர். அக்காவும் போட்டார். தேதி அச்சானது பிறகுதான். சரிபார்க்க ஆளில்லாமல், ஒன்பது மாதம் தாண்டிய குவியலுக்கும் புதுத் தேதி விழுந்தது.

அந்த மூட்டைகளில் சில காணைக்குப் போயின. விதைத்தவர் நிலத்தில் பாதிகூட முளைக்கவில்லை. அவர் அட்டையோடு வேளாண்மை அலுவலகத்துக்குப் போக, விதை ஆய்வாளர் கிடங்கில் மாதிரி எடுத்தார். ஆலைக்கும் வந்து பதிவேட்டைப் புரட்டினார். பதிவேட்டில் ஒரு தேதி, அட்டையில் வேறு தேதி, அட்டையின் அடியில் அக்காவின் கையெழுத்து.

அதே வாரத்தில் மென்பொருள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் வைத்திருந்த பதிப்புக்கான ஆதரவு அடுத்த மாதத்தோடு முடிகிறது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. பட்டத்துக்கு நடுவில் மென்பொருளை மாற்ற எங்களால் முடியாது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஆதரவை நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தியில், அடுத்த மார்ச் வரை ஆதரவை நீட்டிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டாவதில், தீராத நான்கு குறைகளைப் புகார் எண்ணோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, எப்போது சரியாகும், ஆகாதென்றால் ஏன், அதுவரை நாங்கள் என்ன செய்வது என்று எழுத்தில் பதில் கேட்டேன். மூன்றாவது பத்தி அக்காவுக்காக. பரிசோதனைத் தேதி மாறியது எங்கள் ஊழியர் பதிவால் அல்ல, மென்பொருளால் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று.

மேலாளர் படித்துவிட்டு மூன்றாவது பத்தியின் குறுக்கே கோடு போட்டார்.

"இது வேணாம்மா."

"சார், அவங்க எழுதிக் குடுத்தாத்தான் அக்கா பேர்ல தப்பு இல்லன்னு ஆகும்."

"நமக்கு முன்னாடியே தெரியும்னும் ஆகும். தெரிஞ்சும் ஏன் மூட்டைய அனுப்புனீங்கன்னு ஆபீசர் கேட்டா நீ பதில் சொல்றியா? லைசென்ஸ் போயிடும். இங்க அறுபது பேர் வேலை செய்யறாங்க."

அறுபது பேரில் நானும் ஒருத்தி. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. என் மேசைக்கு வந்து அந்தப் பத்தியை அழித்தேன். நான்கு குறைகள் மூன்றாயின. தேதிக் குறையையும் எடுக்கச் சொல்லியிருந்தார்.

பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. ஆறு மாதம் நீட்டிப்பு, அதுவும் மென்பொருள் மொத்தமாக நின்றுபோனால் மட்டும். குறைகளுக்கு மூன்று இடத்திலும் ஒரே வரி: "புதிய பதிப்பில் பரிசீலிக்கப்படும்." சரியாகும் என்றுகூட எழுதவில்லை.

எப்போதும் தொலைபேசியில் பேசும் ஆதரவுப் பிரிவுப் பையனை நானாகவே கூப்பிட்டேன். தேதி விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், அது எங்க டெவலப்பருக்கே தெரியும். இன்னொரு கம்பெனிலயும் வந்துச்சு."

"அத ரெண்டு வரி மெயில்ல போடுங்களேன். ஒருத்தங்க வேலையே போகப் போகுது."

"முடியாது மேடம். எழுத்துல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் வேலை போயிடும்."

அன்று மாலை என் பெயரிலேயே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், அழித்த பத்தியை அப்படியே போட்டு. உங்கள் நிறுவனத்தில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து வரும் கடிதத்துக்கு மட்டுமே பதில் தரப்படும் என்று மறுநாள் பதில் வந்தது. அதன் நகல் மேலாளருக்கும் போயிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. புகார் பதியும் பொறுப்பை மட்டும் வேறொருவருக்கு மாற்றினார்.

விசாரணையில், ஆய்வகப் பணியாளரின் கவனக்குறைவு என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அக்காவையே ராஜினாமா எழுதச் சொன்னார்கள். அவர் பதிவேடுகளை வருட வாரியாக அடுக்கி, மேலே ஒரு காகிதத்தில் எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். காணைக்காரரின் நிலம் அந்தப் பட்டம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் புதிய பதிப்பு வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு குவியலைப் பிரித்து விழுப்புரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். தேதி மாறியது. புதிதாகப் பொறுப்பேற்றவரிடம் காட்டினேன். புகார் பதிந்திருப்பதாகச் சொன்னார்.

ஒருமுறை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நர்சிங் சேர முடியாமல் போனதைச் சொன்னார். நான் பொறுக்க முடியாமல் பத்தியை அழித்ததைச் சொன்னேன்.

"தெரியும்மா. மேனேஜர் ரூம்லேர்ந்து நீ வெளிய வந்தப்பவே தெரியும்."

"கோவமில்லையாக்கா?"

"வந்துச்சு. ஒரு வருஷம் உன் பேரு எடுத்தாலே வந்துச்சு. இப்ப வர்றதில்ல. வேற எதுவும் வர்றதில்ல."

காணை பேருந்து வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறினார். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.